ஐஇஎல்டிஎஸ் இரண்டு நிமிடப் பேச்சு: கியூ கார்டா, இணைப்புச் சொல்லா, சட்டகமா?

ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில் ஒரு தலைப்பு அட்டை தருவார்கள். யோசிக்க 1 நிமிடம், குறிப்பெழுதத் தாளும் பென்சிலும் உண்டு. அப்புறம் 1 முதல் 2 நிமிடம் பேச வேண்டும். இதற்குப் படிக்க மூன்று வகைக் குறிப்புகள் கிடைக்கின்றன: இந்த அட்டைகளைச் சேர்த்துத் தரும் கியூ கார்டுத் தொகுப்பு, இணைப்புச் சொற்களின் பட்டியல், பேச்சை வரிவரியாகப் பிரித்துக் காட்டும் சட்டகம். நாள் குறைவாக இருந்தால் நான் சட்டகத்தைத்தான் எடுப்பேன்.

கியூ கார்டுத் தொகுப்பு தலைப்புகளைப் பழக்கும். ஆனால் அட்டையில் உள்ள நான்கு கேள்விகளுக்கும் தலா ஒரு வாக்கியம் சொல்லி 40 வினாடியில் நின்றுவிடுவதை அது தடுக்காது. முழு விடையையும் மனப்பாடம் செய்தால் ஆபத்து வேறு. தேர்வரின் குரலும் வேகமும் மாறுவதைத் தேர்வாளர் கவனித்துவிடுவார். மூன்றாம் பகுதியில் புதுக் கேள்வி வந்ததும் அந்தச் சரளம் காணாமல் போகும்.

இணைப்புச் சொற்களின் பட்டியலில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மோரோவர், ஃபர்தர்மோர் எல்லாம் கட்டுரைக்கு உரியவை. பேச்சில் ஒட்டாமல் நிற்கும். மதிப்பீட்டு விவரிப்பில் சில இணைப்புச் சொற்களை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவது 5ஆம் பேண்டின் அடையாளமாகவே சொல்லப்படுகிறது. கதையைத் தொடங்க ஒன்று, திருப்பத்துக்கு ஒன்று, பேச்சை முடிப்புக்குக் கொண்டுவர ஒன்று இருந்தால் போதும். 'இட் வாஸ் அபவுட்', 'த திங் இஸ்', 'லுக்கிங் பேக்' போன்றவை இயல்பாக வரும்.

சரி, சட்டகம் எப்படி வேலை செய்கிறது? "உங்களுக்கு உதவிய ஒருவர்" என்ற அட்டையை எடுத்துக்கொள்வோம். தாளில் வாக்கியம் எழுதக் கூடாது, நான்கு வரியில் சில சொற்கள் போதும்: பக்கத்து வீட்டு அக்கா, தவறிய ரயில், கார், இல்லாவிட்டால். முதல் வரியில் அவர் யார் என்பதை நிகழ்காலத்தில் சொல்கிறோம், 15 வினாடி. இரண்டாவதில் ரயிலைத் தவறவிட்ட சூழல், இறந்தகாலத்தில், 20 வினாடி. மூன்றாவதில் அவர் காரில் கொண்டுபோய் விட்ட கதை, 45 வினாடி. கடைசியில் அவர் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று 30 வினாடி. மொத்தம் 110 வினாடி. நிகழ்காலம், இறந்தகாலம், நடக்காததைச் சொல்லும் 'இஃப்' வாக்கியம் என மூன்றும் தானாகவே வந்துவிடுகின்றன. இலக்கண வகைமைக்கு மதிப்பெண் இருப்பதால் இது பெரிய லாபம். மற்ற இரண்டு குறிப்புகளிலும் இது கிடைக்காது.

இதே சட்டகம் "தாமதமான பயணம்" என்ற அட்டைக்கும் பொருந்தும். ஒரு பொருளையோ இடத்தையோ விவரிக்கச் சொன்னால் பொருந்தாது, ஏனென்றால் அங்கே நகரும் கதை இல்லை. அதற்கு "முன்பு, இப்போது, இனி" என்ற வேறு சட்டகம் வேண்டும்.

பேச்சைப் பதிவு செய்து கேட்டால் கோளாறு தெரிந்துவிடும். 1 நிமிடத்துக்குள் முடிந்திருந்தால் மூன்றாம் வரி காலியாக இருந்திருக்கிறது. அங்கே யார் என்ன சொன்னார், அடுத்து என்ன நடந்தது என்று இரண்டு சொல்லைக் கூடுதலாகக் குறித்துக்கொண்டு அதே அட்டையை மறுபடி பேசிப் பாருங்கள்.