விறகு அடுப்பா, மெஷினா? ஒரு வர்க்கி பேக்கரியின் பிரேக்-ஈவன் கணக்கு

இரண்டு வழியிலும் மாத லாபம் 40,000 ரூபாய்தான். அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? காஸ்டிங் பாடத்தில் பிரேக்-ஈவனும், அதாவது லாபமும் நட்டமும் இல்லாமல் நிற்கும் விற்பனை அளவும், பாதுகாப்பு எல்லையும் வேலைக்கு வரும் இடம் இதுதான். லாபம் சமமாக இருக்கும்போது எந்த வழி எவ்வளவு அடி தாங்கும் என்பதுதான் மீதமிருக்கும் கேள்வி.

ஊட்டியில் ஒரு வர்க்கி பேக்கரியை எடுத்துக்கொள்வோம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், டீயில் தோய்த்தால் அடுக்கடுக்காகப் பிரியும் அதே வர்க்கி. கீழே உள்ள எண்கள் எல்லாம் பயிற்சிக்காக வைத்தவை. கடைகளுக்குப் போடும் விலை கிலோ 200 ரூபாய், சராசரி விற்பனை மாதம் 2,000 கிலோ.

முதல் வழி விறகு அடுப்பு, கைவேலை. கிலோவுக்கு மைதா, சர்க்கரை, கொழுப்பு 96, விறகு 14, பீஸ் ரேட் கூலி 35, காகித உறையும் அட்டைப் பெட்டியும் 5 ரூபாய். நீலகிரியில் பிளாஸ்டிக் கவருக்குத் தடை இருப்பதால் பேக்கிங்கில் மிச்சம் பிடிக்க வழியில்லை. ஆக மாறும் செலவு 150. வாடகை 25,000, மாஸ்டர் சம்பளம் 22,000, சில்லறை 13,000 சேர்த்து நிலைச் செலவு மாதம் 60,000.

இரண்டாவது வழி மாவு பிசையும் மெஷின், தேய்க்கும் மெஷின், டீசல் ஓவன். சரக்கு அதே 96, டீசலும் மின்சாரமும் 19, பேக்கிங் 5, மொத்தம் 120. ஆட்களெல்லாம் மாதச் சம்பளத்துக்கு வந்துவிடுவதால் கூலி நிலைச் செலவுக்கு மாறிவிடுகிறது. வாடகை 25,000, சம்பளம் 48,000, தேய்மானமும் வங்கி வட்டியும் 35,000, மற்றவை 12,000, மொத்தம் 1,20,000.

விற்பனை விலையில் மாறும் செலவைக் கழித்தால் பங்களிப்பு. நிலைச் செலவைக் கிலோவுக்கான பங்களிப்பால் வகுத்தால் பிரேக்-ஈவன். உண்மையான விற்பனைக்கும் பிரேக்-ஈவனுக்கும் உள்ள இடைவெளியே பாதுகாப்பு எல்லை.

| | விறகு அடுப்பு | மெஷின் |
|---|---|---|
| கிலோவுக்குப் பங்களிப்பு | ₹50 | ₹80 |
| நிலைச் செலவு | ₹60,000 | ₹1,20,000 |
| பிரேக்-ஈவன் | 1,200 கிலோ | 1,500 கிலோ |
| 2,000 கிலோவில் லாபம் | ₹40,000 | ₹40,000 |
| பாதுகாப்பு எல்லை | 800 கிலோ, 40% | 500 கிலோ, 25% |

விற்பனை 2,000-லிருந்து 1,800 கிலோவாகக் குறைந்தால் விறகு அடுப்பின் லாபம் 30,000, மெஷினின் லாபம் 24,000. விற்பனை பத்து சதவீதம் சரிந்ததற்கு முதலாவதில் லாபம் 25 சதவீதமும் இரண்டாவதில் 40 சதவீதமும் போய்விட்டது. 2,000-க்கு மேலே போனால் இதே வேகம் மெஷினுக்குச் சாதகமாகத் திரும்பும்.

தேர்வுத் தாளில் இங்கேயே விடை முடிந்துவிடும்: “பாதுகாப்பு எல்லை அதிகமுள்ள விறகு அடுப்பே சிறந்தது.” மார்க் கிடைக்கும். ஆனால் அந்த 40 சதவீதம் கேள்வித்தாள் தந்த செலவுப் பிரிப்பை அப்படியே நம்பி வந்த எண். எது நிலைச் செலவு, எது மாறும் செலவு என்று யாரோ முன்கூட்டியே பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். பேக்கரியில் அப்படிப் பிரித்துத் தர ஆளில்லை.

விறகையே பாருங்கள். செங்கல் அடுப்பு சூடேறவே ஒரு பாரம் விறகு போகும். அதன்பின் நாற்பது கிலோ சுட்டாலும் நூறு கிலோ சுட்டாலும் அந்த முதல் பாரம் போனது போனதுதான். ஜூலை மழையில் விறகு ஈரமாகிவிட்டால் இன்னும் கூடும். ஆகவே கிலோவுக்கு 14 ரூபாய் என்பது சராசரிதானே தவிர மாறும் செலவு கிடையாது. இதைப் பிரிக்க, அதிகம் சுட்ட மாதத்தையும் குறைவாகச் சுட்ட மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். மே மாதம் 2,600 கிலோவுக்கு விறகு 34,000 ரூபாய், ஜூலையில் 1,000 கிலோவுக்கு 18,000 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 1,600 கிலோவுக்கு 16,000 ரூபாய், அதாவது கிலோவுக்கு 10. மே மாதச் செலவில் 2,600 கிலோவுக்கான 26,000-ஐக் கழித்தால் மிஞ்சும் 8,000 நிலைச் செலவு. இப்படி எடுக்கும் இரண்டு மாதங்களில் ஒன்று விதிவிலக்கான மாதமாக இருந்தால் (அடுப்பு இடிந்து பாதி மாதம் நின்றது போல) விடை கெட்டுவிடும். பன்னிரண்டு மாத பில்லையும் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துப் பார்த்தால், கூட்டத்தில் சேராமல் நிற்கும் மாதம் கண்ணில் பட்டுவிடும்.

அடுத்தது கூலி. பீஸ் ரேட் என்றால் முழுக்க மாறும் செலவு என்று எழுதிவிடுகிறோம். ஆனால் வர்க்கி மாவை அடுக்கு விடாமல் தேய்க்கத் தெரிந்த ஆளை ஜூலையில் வெறுங்கையோடு அனுப்பினால் அவர் ஏப்ரலில் திரும்பி வரமாட்டார். அதனால் நாலு பேருக்குத் தலைக்கு 10,000 அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் எல்லோருக்குமாகச் சேர்த்துக் கிலோவுக்கு 15 ரூபாய் என்று பேசியிருக்கிறார்கள் என்போம். 2,000 கிலோவில் மொத்தக் கூலி அதே 70,000-தான். பிரிப்பு மட்டும் மாறுகிறது: 40,000 நிலைச் செலவு, கிலோவுக்கு 15 மாறும் செலவு.

ஒப்பந்தத்தின் வாசகத்தைக் கவனிக்க வேண்டும். “கிலோவுக்கு 35, ஆனால் எப்படியும் மாதம் 40,000-க்குக் குறையாது” என்று இருந்தால் கணக்கு வேறு. அந்த உத்தரவாதம் சுமார் 1,143 கிலோவுக்குக் கீழே போனால்தான் கடிக்கும். கூலியை மட்டும் மாற்றிப் பார்த்தால் 1,200 கிலோ பிரேக்-ஈவன் அசையாது. நம் கணக்கில் இருப்பது முதல் வகை.

இரண்டையும் திருத்திப் போட்டால் விறகு அடுப்பின் நிலைச் செலவு 1,08,000, மாறும் செலவு 126, பங்களிப்பு 74. பிரேக்-ஈவன் ஏறக்குறைய 1,459 கிலோ. 2,000 கிலோவில் லாபம் மாறவில்லை, அதே 40,000. பாதுகாப்பு எல்லை மட்டும் 40-லிருந்து 27 சதவீதமாக இறங்கிவிட்டது. மெஷினோடு இருந்த பெரிய இடைவெளி இரண்டு சதவீதமாகச் சுருங்கிவிட்டது. ஒரு ரூபாய் கூடச் செலவு ஏறாமல், பிரிப்பை மாற்றியதில் மட்டுமே இது நடந்தது.

இனி சீசன். மே மாத மலர்க் கண்காட்சி நாட்களில் சேரிங் கிராஸில் நடக்க இடமிருக்காது. மழை பிடித்துவிட்டால் அதே கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவைத்து உட்கார்ந்திருப்பார். ஜூலையில் சுட்டு வைத்து மே மாதம் விற்கும் பண்டமும் இல்லை இது. ஏப்ரல், மே மாதங்களில் கடைகள் 3,500 கிலோ வீதம் கேட்கின்றன, விறகு அடுப்பால் நாளைக்கு நூறு கிலோ வீதம் 26 நாளில் 2,600 கிலோதான் சுட முடியும் என்றால், மாதம் 900 கிலோ கைவிட்டுப் போகிறது. இரண்டு மாதத்தில் 1,800. ஆண்டு விற்பனை 24,000-லிருந்து 22,200 ஆகி, மாதச் சராசரி 1,850 கிலோ. பிரேக்-ஈவன் அதே 1,459. பாதுகாப்பு எல்லை இப்போது 21 சதவீதம். மெஷினின் 25-க்குக் கீழே வந்தாயிற்று. லாபமும் 28,900-க்கு இறங்கிவிடுகிறது.

மே மாதத்தை மட்டும் எடுத்தால் வித்தியாசம் இன்னும் பச்சையாகத் தெரியும். விறகு அடுப்புக்கு 84,400 லாபம், மெஷினுக்கு 1,60,000. ஜூலையில் 1,000 கிலோவுக்கு முதலாவதில் 34,000 நட்டம், இரண்டாவதில் 40,000. ஆறாயிரம் கூடுதல் நட்டத்துக்குப் பயந்து எழுபத்தைந்தாயிரத்தை விடுவதா என்று மெஷின் பக்கத்துக்காரர் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். மாத எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்வதே இந்தத் தொழிலில் தவறு; ஆண்டுக் கணக்கில் விறகு அடுப்பில் சுமார் 17,500 கிலோவைத் தாண்டுகிறோமா, மெஷினில் 18,000-ஐத் தாண்டுகிறோமா என்றுதான் பார்க்க வேண்டும்.

மெஷினுக்கு எதிராகச் சொல்ல ஒன்று உண்டு. அதன் 25 சதவீதம் அந்த 3,500 கிலோ சீசனை நம்பி நிற்கிறது. 2024 மே 7 முதல் மலைக்கு வர இ-பாஸ். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பு. கூட்டம் குறைந்தால் முதலில் வெட்டுப்படுவது சீசன் விற்பனை. அந்த மாதங்களில் விறகு அடுப்பு ஏற்கெனவே தன் கொள்ளளவில் முட்டி நிற்பதால் கேட்பு 3,500-லிருந்து 2,800-க்கு இறங்கினாலும் அதன் விற்பனை அசையாது. மெஷினுக்கு மாதம் 56,000 பங்களிப்பு போய்விடும்.

இன்னொரு பக்கம் விலை. பாதுகாப்பு எல்லை விற்பனை அளவு சரிவதை மட்டுமே அளக்கிறது. கடைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து கிலோவுக்கு 20 ரூபாய் குறைக்கச் சொன்னால், முதல் கணக்கில் விறகு அடுப்பின் பங்களிப்பு 30, பிரேக்-ஈவன் 2,000 கிலோ. மெஷினுக்குப் பங்களிப்பு 60, பிரேக்-ஈவன் அதே 2,000. 40 சதவீதமும் 25 சதவீதமும் ஒரே நேரத்தில் பூஜ்யம். லாபம் விற்பனையில் பத்து சதவீதம் என்பதால் விலையில் பத்து சதவீதம் குறைந்தாலே இரண்டும் காலி. “நாற்பது சதவீதம் பாதுகாப்பு இருக்கிறது” என்று எழுதும்போது எதிலிருந்து பாதுகாப்பு என்று சொல்லாவிட்டால் பாதி விடைதான்.

விலை ஏறும் திசையிலும் இதைப் போட்டுப் பார்க்கலாம். விறகு அடுப்பில் சுட்டது என்பதற்காகக் கடைகள் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடத் தரும் என்றால், திருத்திய கணக்கில் பங்களிப்பு 84, பிரேக்-ஈவன் 1,286 கிலோ, 1,850 கிலோ விற்பனையில் பாதுகாப்பு எல்லை 30 சதவீதம், லாபம் 47,400. மெஷினை இரண்டிலும் முந்திவிடுகிறது. என் தீர்ப்பு அந்தப் பத்து ரூபாயில்தான் இருக்கிறது: அதைக் கடைகளிடம் எழுதி வாங்க முடிந்தால் விறகு அடுப்பு, முடியாவிட்டால் மெஷின்.