விலையை ஏற்றிவிட்டுத் தரும் தள்ளுபடி: எந்தக் கணக்கு உண்மையைச் சொல்கிறது?

ஒரே பொருளை மூன்று கடைகள் விற்கின்றன என்றும், மூன்றிலும் அதன் வழக்கமான விலை 1000 என்றும் வைத்துக்கொள்வோம். முதல் கடை விலையைத் தொடாமலே 18 சதவீதத் தள்ளுபடி அறிவிக்கிறது. இரண்டாவது கடை குறித்த விலையை முன்கூட்டியே 40 சதவீதம் ஏற்றி 1400 ஆக்கிவிட்டு, 40 சதவீதத் தள்ளுபடி என்று பலகை வைக்கிறது. மூன்றாவது கடை 60 சதவீதம் ஏற்றி 1600 ஆக்கிய பிறகு, ‘40 சதவீதம், அதற்கு மேல் இன்னும் 15 சதவீதம்’ என்கிறது. இவற்றுள் உண்மையில் அதிகம் குறைத்த கடை எது என்று கண்டறிய வாங்குபவர்கள் பொதுவாக மூன்று விதமாகக் கணக்குப் போடுகிறார்கள். இந்த எடுத்துக்காட்டில் அந்த மூன்று கணக்குகளும் மூன்று வெவ்வேறு வரிசைகளைத் தருகின்றன.

பலகையில் உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்வது முதல் வகை. அதன்படி தள்ளுபடி முறையே 18, 40, 55 சதவீதம். மூன்றாவது கடையே முதலிடம் பெறுகிறது. விலையேற்றத்தைக் கவனிக்காதது ஒருபுறம் இருக்க, இதில் இன்னொரு பிழையும் உண்டு. கூடுதலாகத் தரப்படும் 15 சதவீதம், முதல் தள்ளுபடி போக மிஞ்சிய 60 பங்கின் மீதுதான் கணக்கிடப்படுகிறது. ஆகவே அதன் மதிப்பு 9 பங்கு மட்டுமே. பலகை தூண்டும் 55 என்ற எண், குறித்த விலையை வைத்துப் பார்த்தாலும் 49 தான்.

விலையேற்றத்தை அறிந்தவர், தள்ளுபடியிலிருந்து ஏற்றத்தை அப்படியே கழித்துவிடுவார். இரண்டாவது வகைக் கணக்கு இது. இரண்டாவது கடையில் நாற்பதிலிருந்து நாற்பது போனால் ஒன்றுமில்லை. மூன்றாவது கடையில் 55-இலிருந்து 60 போனால் 5 சதவீத நட்டம். முதல் கடைதான் நேர்மையானது, மற்ற இரண்டும் ஏமாற்று என்ற முடிவுக்கு அவர் வந்துவிடுவார். ஏற்றிவிட்டு இறக்கும் கடை மீது கோபம் வருவது இயல்பு. ஆனால் கோபம் கணக்கைச் சரியாக்கிவிடாது. இரண்டாவது கடையில் ஏற்றிய 40 சதவீதம் என்பது 1000-இன் மீது 400. இறக்கிய 40 சதவீதமோ 1400-இன் மீது 560. இரண்டு சதவீதங்களுக்கும் அடி வேறு என்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க முடியாது.

கழித்தல் கணக்கு விலையேற்றத்துக்குப் பின் வரும் தள்ளுபடியை எப்போதும் குறைத்தே காட்டும். எவ்வளவு குறைத்துக் காட்டும் என்பதையும் துல்லியமாகச் சொல்லலாம்: ஏற்றத்தையும் தள்ளுபடியையும் பெருக்கினால் வருவதே அந்த வேறுபாடு. இரண்டாவது கடையில் 40 சதவீதத்தில் 40 சதவீதம், அதாவது 16 புள்ளிகள். ஏற்றம் 5 சதவீதமும் தள்ளுபடி 10 சதவீதமும் என்றால் வேறுபாடு அரைப் புள்ளிதான். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. எண்கள் பெரிதாகப் பெரிதாகத்தான் இந்தக் கணக்கு கையை விட்டுப் போகிறது. பெரிய பெரிய சதவீதங்களைப் பறைசாற்றும் விற்பனைகளில்தான் மக்கள் கழித்தல் கணக்கை அதிகம் போடுகிறார்கள் என்பது சற்று வேடிக்கையானது.

மூன்றாவது வகை, பெருக்கல் கணக்கு. 40 சதவீத ஏற்றம் என்றால் விலையை 1.4 ஆல் பெருக்குவது. 40 சதவீதத் தள்ளுபடி என்றால் 0.6 ஆல் பெருக்குவது. இரண்டையும் பெருக்கினால் 1.4 × 0.6 = 0.84, பழைய விலையில் 84 சதவீதத்தைக் கொடுக்கிறோம், உண்மையான தள்ளுபடி 16 சதவீதம். மூன்றாவது கடைக்கு 1.6 × 0.6 × 0.85 = 0.816, உண்மையான தள்ளுபடி 18.4 சதவீதம். அடுக்கடுக்கான சதவீதத் தள்ளுபடிகளுள் எதை முதலில் கழித்தாலும் விடை மாறாது என்பது இம்முறையின் இன்னொரு வசதி.

| கடை | பலகைக் கணக்கு | கழித்தல் கணக்கு | பெருக்கல் கணக்கு | செலுத்தும் தொகை |
|---|---|---|---|---|
| முதலாவது | 18% | 18% | 18% | 820 |
| இரண்டாவது | 40% | 0% | 16% | 840 |
| மூன்றாவது | 55% | −5% | 18.4% | 816 |

பலகையை நம்பியவருக்கு 18-க்கும் 55-க்கும் இடையே பெரிய இடைவெளி தெரிந்தது. கழித்துப் பார்த்தவருக்கு வரிசையே தலைகீழாகத் தெரிந்தது. உண்மையில் மூன்று கடைகளும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் நிற்கின்றன.

முற்றிலும் வெற்றான தள்ளுபடி எப்போது உண்டாகும் என்பதையும் பெருக்கல் கணக்கே சொல்லிவிடுகிறது. விலையை 25 சதவீதம் ஏற்றிய கடை 20 சதவீதம் குறைத்தால் பழைய விலைக்கே வந்து நிற்கும். 60 சதவீதம் ஏற்றிய கடைக்கு 37.5 சதவீதமும், இரட்டிப்பாக்கிய கடைக்கு 50 சதவீதமும் அந்த எல்லைகள். பலகை இந்த எல்லையைத் தாண்டியிருந்தால் வாங்குபவருக்கு ஏதோ கொஞ்சமாவது குறைகிறது. தாண்டவில்லையென்றால் பழைய விலையைவிட அதிகமாகவே அவர் கொடுக்கிறார். 50 சதவீதத் தள்ளுபடி வெறும் வாய்ப்பந்தலாக இருக்க வேண்டுமானால், கடை தன் விலையை இரண்டு மடங்காக்கியிருக்க வேண்டும் என்று திருப்பியும் பார்க்கலாம். பழைய விலை எவ்வளவு என்று ஓரளவு நினைவிருப்பவருக்கு அந்த ஐயத்தைச் சரிபார்க்க இதுவே போதும்.

விலை எத்தனை சதவீதம் ஏறியது என்று தெரிந்தால்தானே பெருக்க முடியும்? பெரும்பாலும் அது தெரியாது. தெரிவதெல்லாம் பழைய ரசீதில் இருக்கும் ஒரு தொகைதான். அப்படியானால் ஏற்றத்தையும் பலகையையும் மறந்துவிட்டு, இப்போது செலுத்த வேண்டிய தொகையைப் பழைய விலையால் வகுக்கலாம். 816-ஐ 1000 ஆல் வகுத்தால் அதே 0.816 கிடைக்கும். குறித்த விலை இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை என்பதால், கடை அதை எவ்வளவு உயர்த்தி எழுதியிருந்தாலும் விடையைத் தொட முடியாது. எளிமையிலும் உறுதியிலும் இதையே நான் முதலிடத்தில் வைப்பேன். பழைய விலையும் இப்போதைய தொகையும் இரண்டுமே வரி சேர்த்தவையாகவோ இரண்டுமே வரி சேர்க்காதவையாகவோ இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஒன்றில் சேர்த்து மற்றொன்றில் விட்டால் விகிதம் பிசகிவிடும்.

பெருக்கலானாலும் வகுத்தலானாலும் பழைய விலையைப் பற்றிய நினைவு எவ்வளவு நம்பகமானதோ அவ்வளவுதான் விடையும் நம்பகமானது. மூன்றாவது கடையில் ஏற்றம் 60 சதவீதம் என்று நினைத்திருக்க, அது உண்மையில் 61 ஆக இருந்தால் உண்மையான தள்ளுபடி 17.9 சதவீதத்துக்கு இறங்கி, முதல் கடைக்குப் பின்னால் போய்விடும். 65 என்றால் 15.9 சதவீதம், அப்போது அது கடைசி இடத்துக்கே தள்ளப்படும். ஒரு புள்ளிக்கும் குறைவான வேறுபாட்டை வைத்துக்கொண்டு ஒரு கடையை மெச்சுவதும் மற்றொன்றை ஏசுவதும் இதனால்தான் பொருளற்றவை.

ஆனால் தரவரிசை இப்படி மாறிய பிறகும் மூன்றாவது கடையின் ரசீதில் இருப்பது 816 தான். முதல் கடையில் 820. எந்தக் கடை தன் சொந்தப் பழைய விலையிலிருந்து அதிகம் இறங்கியது என்பது ஒரு கேள்வி. எங்கே குறைந்த பணத்துக்குக் கிடைக்கிறது என்பது வேறொரு கேள்வி. ஒரே பொருள், ஒரே மாடல் எண், ஒரே உத்தரவாதம் என்றால் இரண்டாவது கேள்விக்குச் சதவீதமே தேவையில்லை. ரசீதுத் தொகைகளை அருகருகே வைத்தால் போதும். உண்மையான தள்ளுபடியைக் கண்டறியும் வேலை, ஒப்பிட வேறு கடை இல்லாதபோதும், இப்போது வாங்கலாமா அல்லது விற்பனை முடிந்த பிறகு வாங்கலாமா என்று முடிவெடுக்கும்போதும்தான் பயன்படுகிறது. ஒரு கடைக்கென்றே தனி மாடல் எண் கொடுக்கப்பட்ட பொருள்களுக்கு ஒப்பிட வேறு கடை இல்லை. அவற்றை வேறு எந்தக் கடையிலும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

இனி, பழைய விலை என்று எதை எடுத்துக்கொள்வது? இதில் கருத்து வேறுபாட்டுக்கு உண்மையாகவே இடமுண்டு. விற்பனைக்கு முந்தைய நாளின் விலையை எடுத்தால், பத்து நாள் முன்பே 1600 ஆக ஏற்றிய கடை எளிதில் தப்பித்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் நடைமுறைக்கு வந்த விதி, விலைக்குறைப்பை அறிவிக்கும் கடை அதற்கு முந்தைய விலையாக, பொதுவாகக் குறைந்தது 30 நாள்களில் தான் விற்ற மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும் என்கிறது. அந்த விலையைச் சிறிய எழுத்தில் காட்டிவிட்டுச் சதவீதத்தை வேறு விலையிலிருந்து கணக்கிட முடியாது, சதவீதமும் அந்தக் குறைந்த விலையின் மீதே கணக்கிடப்பட வேண்டும் என்று ஒன்றியத்தின் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. இந்த அளவுகோலில் நமது மூன்றாவது கடை 49 சதவீதம் என்று எழுத முடியாது, 18.4 என்றுதான் எழுத முடியும்.

ஆனாலும் இந்த அளவுகோலுக்கும் இரண்டு பக்கத்திலும் ஓட்டைகள் உண்டு. நாற்பது நாள் முன்பே விலையை ஏற்றிவிட்டுக் காத்திருக்கும் கடையில், கடந்த 30 நாள்களின் மிகக் குறைந்த விலையே 1600 ஆகிவிடும். 49 சதவீதம் என்ற பலகை விதிக்கு உட்பட்டதாகவே இருக்கும். மாறாக, மாதத்தின் நடுவே ஒரே ஒரு நாள் 900-க்கு விற்ற கடையில், 816 என்பது 9.3 சதவீதக் குறைப்பாக மட்டுமே பதிவாகும். மற்ற நாள்களிலெல்லாம் 1000 கொடுத்தவருக்கு அது நியாயமாகத் தோன்றாது. ஆண்டில் அதிக நாள்கள் நிலவிய விலையை அடியாகக் கொள்வது இரண்டு ஓட்டைகளையும் ஓரளவு அடைக்கிறது. இதற்கு நீண்டகால விலைப்பதிவு வேண்டும். இணையக் கடைகளின் விலை மாற்றங்களைப் பதிந்து வைக்கும் தளங்களில் அது கிடைக்கலாம், நேரடிக் கடைகளில் பழைய ரசீதுகளையும் பழைய விலைப்பட்டியல்களையும்தான் தேட வேண்டும். என் தேர்வு அதிக நாள்கள் நிலவிய விலைதான். பதிவு கிடைக்காத இடத்தில் 30 நாள் குறைந்த விலை.

விற்பனை தொடங்கும் நாளிலேயே கடைக்கு வந்திறங்கும் புதிய மாடலுக்கு இவற்றுள் எதுவும் பொருந்தாது. அது ஒருபோதும் குறித்த விலைக்கு விற்கப்பட்டதில்லை. வகுப்பதற்குப் பழைய விலையே இல்லை. அங்கே பலகையில் உள்ள சதவீதத்துக்கு எந்தப் பொருளும் கிடையாது. அதே தரத்தில் உள்ள வேறு பொருளின் விலையோடு செலுத்தும் தொகையை ஒப்பிடுவதைத் தவிர வேறு கணக்கும் கிடையாது.