புது வாடிக்கையாளருக்கு எவ்வளவு செலவழிக்கலாம்? சலூனுக்கான மூன்று வழிகளும் ஒரு கணக்கும்

சலூன் வைத்திருப்பவர்களிடம் ஒரு வாடிக்கையாளரால் மொத்தமாக எவ்வளவு வரும் என்று கேட்டால், பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள்: ஒரு தடவைக்கு 800 ரூபாய் பில், வருஷத்துக்கு எட்டு தடவை, மூன்று வருஷம் வருவார். பெருக்கினால் 19,200 ரூபாய். இதை மனதில் வைத்துக்கொண்டு, ஒரு ஆளைக் கொண்டுவர இரண்டாயிரம் செலவானாலும் பரவாயில்லை என்று விளம்பரத்தில் இறங்கிவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. 800 என்பது பில் தொகை, கையில் நிற்கும் தொகை அல்ல. அப்புறம், வருஷத்துக்கு எட்டு தடவை வருகிறவர் ஏற்கெனவே நம் கடையில் நிலைத்துவிட்டவர். புதிதாக வருகிற எல்லோரும் அப்படி நிலைப்பதில்லை.

மதுரை மாதிரி ஒரு ஊரில் நான்கு நாற்காலி போட்ட யுனிசெக்ஸ் சலூன் என்று வைத்துக்கொள்வோம். இனி வரும் எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் பில் புத்தகத்தில் இருப்பதைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி நீங்கலாக சராசரி பில் 800. அதில் ஷாம்பு, கலர், கிரீம் வகையில் 100, வேலை செய்தவருக்கு இன்சென்டிவ் 80, டவல் சலவை போன்ற சில்லறைச் செலவு 20. மிச்சம் 600. வாடகையும் மாதச் சம்பளமும் அந்த ஒருவர் வந்தாலும் வராவிட்டாலும் போகப்போகிறவை, அதனால் இங்கே கழிக்கவில்லை.

அடுத்து வருகை. புதிதாக வந்த 100 பேரில் 45 பேர் இரண்டாம் முறை வருகிறார்கள். இரண்டாம் முறை வந்தவர்கள் ஓரளவு பழகிவிட்டவர்கள், அவர்களில் ஒவ்வொரு வருகைக்கும் 80 சதவீதம் பேர் அடுத்த முறையும் வருகிறார்கள். 80 சதவீதம் என்றால், திரும்பி வந்த ஒருவர் அந்த இரண்டாம் வருகையையும் சேர்த்து சராசரியாக ஐந்து முறை வருவார் (1-ஐ 0.20-ஆல் வகுத்தால் 5). ஆக, புதிய ஆள் ஒருவருக்கு முதல் வருகை 1, அதோடு 0.45 × 5, மொத்தம் 3.25 வருகை. 600-ஆல் பெருக்கினால் 1,950 ரூபாய். 19,200 எங்கே, 1,950 எங்கே!

இதில் மூன்றில் ஒரு பங்கை ஆள் பிடிக்கச் செலவிடலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. மீதி வாடகைக்கும் சம்பளத்துக்கும் லாபத்துக்கும் வேண்டும். அப்படிப் பார்த்தால் உச்சவரம்பு 650 ரூபாய். ஆனால் இது எல்லோரையும் கலந்த சராசரி. எந்த வழியாக வந்தார் என்பதைப் பொறுத்துத் திரும்பி வரும் விகிதம் மாறும், அதோடு உச்சவரம்பும் மாறும்.

முதலில் 50 சதவீதத் தள்ளுபடி. கையை விட்டுப் பணம் எதுவும் போகாததால் இது செலவாகவே தெரிவதில்லை. ஆனால் ஆளுக்கு 400 ரூபாய் போகிறது. கூப்பனோடு வந்த 100 பேரில் 30 பேர் எப்படியும் முழு விலைக்கு வந்திருக்கக்கூடிய பழைய வாடிக்கையாளர்கள் என்றால், 40,000 ரூபாய் கொடுத்து 70 புதியவர்களைத்தான் பிடித்திருக்கிறோம். ஆளுக்கு 571 ரூபாய். விலைக்காக வந்தவர் அடுத்த வாரம் இன்னொரு கடையின் சலுகைக்குப் போய்விடுவார், அதனால் திரும்பி வருவோர் 20 சதவீதம் என்று வைப்போம். வருகை 2, மதிப்பு 1,200, உச்சவரம்பு 400. 571 கொடுத்தது நஷ்டக் கணக்கு. ஆடி மாதத்தில், நாற்காலி காலியாகக் கிடக்கும் செவ்வாய், புதன் மதியங்களில் மட்டும் தள்ளுபடி என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஞாயிற்றுக்கிழமை கொடுப்பது மட்டும் கூடவே கூடாது: முழு விலை கொடுக்கும் ஆளைக் காக்கவைத்துவிட்டு அரை விலை ஆளுக்கு முடி வெட்டுகிறோம்.

இன்ஸ்டாகிராம் விளம்பரம் இதைவிட நேர்மையான செலவு, பில் கண்ணெதிரே இருக்கிறது. 20,000 ரூபாய் போட்டு, வாட்ஸ்அப்பில் விசாரித்தவர்களில் 40 பேர் கடைக்கு வந்தார்கள் என்றால் ஆளுக்கு 500. இங்கேதான் பலர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். விளம்பரத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைக்கு வரி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது, உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்கும் வசதியும் போய்விட்டது. ஆகவே அந்த 3,600 ரூபாயும் நம் செலவுதான். ஆளுக்கு 590. திரும்பி வருவோர் 40 சதவீதம் என்றால் வருகை 3, மதிப்பு 1,800, உச்சவரம்பு 600. பத்து ரூபாய் இடைவெளியில் தப்பிக்கிறோம்.

மூன்றாவது, பழைய வாடிக்கையாளர் சொல்லி அழைத்து வருவது. அழைத்து வந்தவருக்கு ஒரு ஹேர் ஸ்பா இலவசம்: விலைப்பட்டியலில் 500, நமக்குப் பொருளும் இன்சென்டிவும் சேர்த்து 150. புதியவருக்கு 150 தள்ளுபடி. மொத்தம் 300. தோழி கலர் பண்ணியதைப் பார்த்து, அதே ஆளிடம் வேண்டும் என்று கேட்டு வருகிறவர் தங்கிவிடுவதற்கு வாய்ப்பு அதிகம். 65 சதவீதம் திரும்பி வந்தால் வருகை 4.25, மதிப்பு 2,550, உச்சவரம்பு 850. இன்னும் 550 ரூபாய் இடம் இருக்கிறது. அப்படியிருந்தும் பல கடைகளில் இதற்குத்தான் ஒரு தலை மசாஜோடு கணக்கை முடித்துக்கொள்கிறார்கள். நான் என்றால் தள்ளுபடிப் பணத்தை எடுத்து இங்கே போடுவேன். ஒரே குறை, வேண்டிய அளவுக்கு ஆள் வராது. புதிதாகத் திறந்த கடைக்குச் சொல்லி அனுப்பப் பழைய வாடிக்கையாளரே இருக்க மாட்டார்கள், அவர்களுக்கு முதல் ஆறு மாதம் விளம்பரம்தான் வழி.

மணப்பெண் அலங்காரத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 20,000 ரூபாய் பில் ஒன்று உள்ளே வந்தால் சராசரி முழுவதும் பொய்யாகிவிடும்.

இவ்வளவும் அந்தத் திரும்பி வரும் விகிதத்தில் நிற்கிறது, அதை எடுப்பதில்தான் தவறு நடக்கிறது. இப்போது வந்துகொண்டிருப்பவர்களை வைத்துப் பார்க்கக் கூடாது, அவர்கள் தங்கியவர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை முதல் பில் போட்டவர்களை மட்டும் எடுத்து, ஒவ்வொருவரும் 90 நாளுக்குள் மறுபடி வந்தாரா என்று பாருங்கள். எந்த வழியாக வந்தார் என்பதை முதல் பில் போடும்போதே கேட்டுக் குறித்திருக்க வேண்டும். எண் கொடுக்காமல் த்ரெடிங் மட்டும் செய்துவிட்டுப் போனவர்களையும் அந்த 100-இல் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் விகிதம் ஏறித் தெரியும். அதேபோல அம்மாவும் இரண்டு மகள்களும் ஒரே மொபைல் எண்ணில் வருவார்கள். மென்பொருள் அதை மாதம் மூன்று முறை வரும் ஒரே ஆளாகக் காட்டும். பெயரைத் தனித்தனியாகப் பதிந்தால் இது தீரும்.

விகிதம் ஒரு மாதத்தில் சட்டென்று இறங்கினால் முதலில் வேலைக்கு இருப்பவர்கள் பட்டியலைப் பாருங்கள். ஒரு நல்ல ஸ்டைலிஸ்ட் விலகினால் அவரிடம் பழகியவர்களும் பின்னாலேயே போவார்கள், அது விளம்பரத்தின் குறை அல்ல.

விகிதம் சரியாகக் கிடைத்துவிட்டால், எதைக் கூட்டுவது என்பதும் தெரியும். இன்ஸ்டாகிராமில் வந்தவர்களில் திரும்புவோர் 40-லிருந்து 50 ஆனால் மதிப்பு 2,100, உச்சவரம்பு 700. பத்து ரூபாய் இடைவெளி 110 ஆகிறது. அதற்கு விளம்பரத்தை மாற்ற வேண்டியதில்லை. கலர் போட்டவர் பணம் கொடுக்கும்போதே, “ஆறு வாரத்துல வேர்ல வெள்ளை தெரிய ஆரம்பிக்கும்க்கா, அந்த சனிக்கிழமை பதினோரு மணிக்கு எழுதிக்கட்டுமா?” என்று கேட்டுத் தேதியைக் குறித்து, இரண்டு நாள் முன்னால் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்ப வேண்டும்.