வார இறுதியும் விடுமுறையும் தானே நிறம் மாறும் ஆண்டு நாட்காட்டி: நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

நான்கு ஆண்டுகளாக எக்செலில் நானே அமைத்த ஒரு நாட்காட்டியை வைத்துத்தான் வேலைகளுக்குத் தேதி குறிக்கிறேன். ஒரே தாளில் முழு ஆண்டு. பன்னிரண்டு மாதங்களும் வரிசைகள், 1 முதல் 31 வரையிலான நாட்கள் நெடுவரிசைகள். வார இறுதிகள் சாம்பல் நிறம், பட்டியலில் உள்ள விடுமுறைகள் இளஞ்சிவப்பு. A1 செல்லில் ஆண்டை மாற்றினால் போதும், தாள் முழுவதும் புது ஆண்டுக்கு மாறிவிடும்.

அடிப்படை எளியது. A4 முதல் A15 வரை மாத எண்கள், B3 முதல் AF3 வரை நாள் எண்கள். B4 செல்லில் இந்தச் சூத்திரத்தை எழுதி, AF15 வரை இழுத்துவிட்டேன்:

```
=IF(MONTH(DATE($A$1,$A4,B$3))=$A4,DATE($A$1,$A4,B$3),"")
```

இந்த IF எதற்கு என்று கேட்கலாம். DATE சூத்திரத்துக்குப் பிப்ரவரி 30 என்று கொடுத்தால் அது பிழை காட்டுவதில்லை. மார்ச்சுக்குள் நழுவிவிடும். 2025இல் பிப்ரவரி வரிசையின் 29, 30, 31 ஆகிய கட்டங்களில் மார்ச் 1, 2, 3 வந்து உட்காரும். முதல் இரண்டும் சனி, ஞாயிறு என்பதால் இல்லாத நாட்களுக்கு நிறமும் ஏறிவிடும். மாதம் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டால் அந்தக் கட்டங்கள் வெறுமையாக நிற்கும்.

முதல் ஆண்டில் நிறத்தை மட்டும் நம்பினேன். நிறமில்லாத கட்டங்களைக் கண்ணால் எண்ணித்தான் வேலை முடியும் நாளைச் சொல்வேன். அந்த வழக்கத்தை 2025 மார்ச்சில் முற்றிலும் விட்டேன். மார்ச் 3, திங்கட்கிழமை தொடங்கும் ஒரு வேலைக்குப் பதினைந்து வேலை நாட்கள் தேவைப்பட்டன. தாளில் எண்ணிப் பார்த்து 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை முடியும் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் மார்ச் 7, 12 இரண்டும் எங்களுக்கு விடுமுறை. அவற்றைக் கழித்தால் வேலை முடிவது 25ஆம் தேதி, செவ்வாய்.

விடுமுறைப் பட்டியலில் அந்த இரண்டு நாட்களும் இருந்தன. ஆனால் நான் அதை வேறொரு கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டியிருந்தேன். அங்கே நாள் முதலிலும் மாதம் அடுத்தும் எழுதப்பட்டிருந்தன. என் கணினியின் அமைப்போ மாதத்தை முதலில் எதிர்பார்த்தது. ஆகவே 07/03 ஜூலை 3 ஆனது, 12/03 டிசம்பர் 3 ஆனது. இரண்டும் செல்லுபடியாகும் தேதிகள் என்பதால் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. மார்ச்சில் நிறம் விழவில்லை. ஜூலையிலும் டிசம்பரிலும் விழுந்தது, அந்த மாதங்களை அப்போது நான் பார்க்கவே இல்லை. துப்புக் கொடுத்தவை பட்டியலின் மற்ற வரிகள்தாம். 12க்கு மேற்பட்ட நாட்களை எக்செலால் மாதமாக எடுத்துக்கொள்ள முடியாததால் அவை வெறும் எழுத்தாகத் தங்கிவிட்டன. தேதிகள் செல்லின் வலப்பக்கம் ஒட்டி நிற்க, இவை மட்டும் இடப்பக்கம் நின்றன. இடமும் வலமுமாகக் கலந்து நிற்கும் தேதிப் பட்டியலைப் பார்த்தாலே இப்போது எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

அதன்பிறகு பட்டியலின் பக்கத்தில் ஒரு நெடுவரிசை சேர்த்து, `=TEXT(E2,"dddd")` என்று கிழமையை எழுதவைத்தேன். அறிவிப்பில் மார்ச் 7 வெள்ளி என்று இருக்கும்போது, பட்டியல் வியாழன் என்று காட்டினால் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அந்த அனுபவத்தின் பின் நான் செய்த பெரிய மாற்றம், நிறத்தையும் கணக்கையும் ஒரே ஊற்றிலிருந்து எடுக்கவைத்தது. விடுமுறைப் பட்டியலுக்கு Holidays என்று பெயர் வைத்தேன். A2 செல்லில் வார விடுமுறையை ஏழு இலக்கங்களாக எழுதினேன். திங்களில் தொடங்கி ஒவ்வொரு நாளுக்கும் ஓர் இலக்கம், விடுமுறை என்றால் 1. சனியும் ஞாயிறும் என்றால் 0000011, வெள்ளியும் சனியும் என்றால் 0000110. கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் இரண்டே விதிகள். விடுமுறை விதி மேலே, வார இறுதி விதி கீழே:

```
=ISNUMBER(MATCH(B4,Holidays,0))
=MID($A$2,WEEKDAY(B4,2),1)="1"
```

முடியும் நாளைச் சொல்வது இனி என் கண் அல்ல, இந்தச் சூத்திரம். H18 தொடங்கும் நாள், I18 தேவையான வேலை நாட்கள்:

```
=WORKDAY.INTL(H18-1,I18,$A$2,Holidays)
```

ஒன்றைக் கழிப்பது தொடங்கும் நாளையும் எண்ணிக்கையில் சேர்ப்பதற்காக. மார்ச் 3ஐயும் 15ஐயும் கொடுத்தால் சரியாக மார்ச் 25 வருகிறது.

இதிலும் ஒரு குழி இருக்கிறது, ஆழமானது. A2 செல்லை முதலில் டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றியாக வேண்டும். மாற்றாமல் 0000011 என்று தட்டினால் எக்செல் முன்னாலுள்ள சுழியங்களைத் தூக்கிவிட்டு 11 என்று வைத்துக்கொள்ளும். WORKDAY.INTL-க்கு 11 என்பதும் சரியான குறியீடு. ஞாயிறு மட்டும் விடுமுறை என்பது அதன் பொருள்! சனிக்கிழமைகளை எல்லாம் வேலை நாட்களாக எண்ணி, பிழைச்செய்தி ஏதுமில்லாமல் அது ஒரு தேதியைக் கொடுத்துவிடும். புதுக் கோப்பு ஒன்றில் எனக்கு இது நடந்தது. ஆனால் இரண்டு எழுத்தே உள்ள சொல்லில் MID ஆறாவது எழுத்தைத் தேட முடியாதே. அதனால் சனி, ஞாயிறுகளில் சாம்பல் நிறம் மறைந்துவிட்டது. 11இன் இரண்டு 1களும் வாரத்தின் முதல் இரண்டு நாட்களுக்குப் பொருந்தியதால், தாள் முழுவதும் திங்களும் செவ்வாயும் சாம்பல் ஆகிவிட்டன. நிறமும் கணக்கும் ஒரே செல்லைப் பார்த்ததால்தான் தவறு கண்ணில் பட்டது. கணக்குக்கு மட்டும் தனியாக ஒரு செல் வைத்திருந்தால் மாதக்கணக்கில் கவனித்திருக்கமாட்டேன்.

நாள்பட்ட பயன்பாட்டில்தான் தெரியவரும் தொல்லைகளும் உண்டு. இல்லாத பிப்ரவரி 30க்கு ஒருநாள் சாம்பல் நிறம் ஏறியிருந்தது. யாரோ அந்தச் செல்லில் டெலீட் பொத்தானை அழுத்திச் சூத்திரத்தை அழித்திருந்தார்கள். உண்மையிலேயே வெறுமையான செல்லை WEEKDAY சுழியமாக எடுத்துக்கொள்கிறது, எக்செலின் கணக்கில் சுழியம் சனிக்கிழமை. பக்கத்துச் செல்லை இழுத்துச் சூத்திரத்தைத் திரும்ப நிரப்பியதும் சரியானது. இன்னொன்று, தாளுக்குள்ளேயே செல்களை நகலெடுத்து ஒட்டினால் நிற விதிகள் துண்டுதுண்டாகப் பெருகும். இரண்டு விதிகள் இருந்த இடத்தில் இருபதுக்கு மேல் கண்டிருக்கிறேன். மொத்தத்தையும் அழித்துவிட்டு, B4 முதல் AF15 வரைக்கும் அந்த இரண்டையும் மறுபடி எழுதுவதே விரைவான வழி.

நாட்காட்டிக் கட்டங்களுக்குள் குறிப்பு எழுதும் ஆசையை மட்டும் தயவுசெய்து அடக்கிக்கொள்ளுங்கள். சூத்திரம் அழிந்துபோகும். ஒவ்வொரு மாதத்தின் கீழும் தனி வரிசை விட்டு எழுதினாலும், A1இல் ஆண்டை மாற்றியதும் தேதிகள் நகரும், குறிப்புகள் நகராது. போன ஆண்டுத் திங்கட்கிழமைக் கூட்டம் இந்த ஆண்டு வேறு கிழமையில் வந்து நிற்கும். என் குறிப்புகள் எல்லாம் இப்போது தனித்தாளில் தேதியும் விவரமுமாக இருக்கின்றன. விடுமுறைப் பட்டியலிலும் ஆண்டோடு சேர்த்து முழுத் தேதி இருப்பதால் பழையவற்றை அழிப்பதில்லை. A1இல் பழைய ஆண்டைக் கொடுத்தால் அந்த ஆண்டின் நிறங்கள் அப்படியே திரும்பி வருகின்றன.

இன்னும் எனக்கு முழு நிறைவு தராதது அரைநாள் விடுமுறைதான். WORKDAY.INTL முழு நாட்களை மட்டுமே அறியும். HalfDays என்று இன்னொரு பட்டியல் வைத்து, மூன்றாவது விதியால் வெளிர்மஞ்சள் நிறம் கொடுத்திருக்கிறேன். ஒரு வேலையின் இடையில் இரண்டு மஞ்சள் கட்டங்கள் வந்தால், தேவையான நாட்களில் ஒன்றைக் கையால் கூட்டிக்கொள்கிறேன்.