வெப்சைட்டுக்குப் பணம் கட்டியது நீங்கள், டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

கடைக்கு முதன்முறையாக வெப்சைட் போடப்போகிறவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். "டொமைன், ஹோஸ்டிங், டிசைன் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ்" என்று சொன்ன ஒரு டிசைனரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்தார் ஒரு கடைக்காரர். இரண்டாம் வருடம் புதுப்பிக்கும் கட்டணத்தில் தகராறு வந்தது. டிசைனர் போனை எடுப்பதை நிறுத்தினார், சைட் நின்றுபோனது, கடையின் மெயிலும் சேர்ந்து நின்றது.

அடுத்து அவர் செய்தது பலரும் செய்வதுதான். வேறு நிறுவனத்தில் புதிதாக ஹோஸ்டிங் வாங்கி, டிசைனர் முன்பு கொடுத்திருந்த ஜிப் ஃபைலை ஏற்றினார். சைட் வரவே இல்லை. ஏன் என்று புரிய, ஹோஸ்டிங், சைட், டொமைன் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஹோஸ்டிங் என்பது கடை நடத்த வாடகைக்கு எடுத்த கட்டடம். சைட் ஃபைல்களும் டேட்டாபேஸும் அதற்குள் இருக்கும் அலமாரி, சரக்கு, கணக்குப் புத்தகம். டொமைன் கடையின் விலாசம். நிஜக் கடையில் விலாசம் கட்டடத்தோடு ஒட்டியிருக்கும். இங்கே அது தனியாக, ரெஜிஸ்ட்ரார் என்னும் பதிவு நிறுவனத்தில், யாரோ ஒருவருடைய பெயரில் இருக்கிறது. அந்த விலாசத்தைத் தேடி வருகிறவரை எந்தக் கட்டடத்துக்கு அனுப்புவது என்பதை நேம்சர்வர் பதிவு தீர்மானிக்கிறது. அதை மாற்றும் சாவி டொமைன் கணக்கில்தான் இருக்கிறது.

அவர் புதுக் கட்டடம் எடுத்தார், ஆனால் விலாசம் இன்னும் பழைய கட்டடத்தையே காட்டியது. டொமைன் எங்கே காட்டுகிறது என்று நீங்களே பார்க்கலாம். கம்ப்யூட்டரின் கமாண்ட் ப்ராம்ப்டில், `example.com` இருக்கும் இடத்தில் உங்கள் டொமைனைப் போட்டு இதைத் தட்டுங்கள்:

```
nslookup -type=ns example.com
```

வரும் பெயர்கள் பழைய நிறுவனத்துடையவை என்றால், புது ஹோஸ்டிங்கில் எத்தனை முறை ஃபைல் ஏற்றினாலும் பயனில்லை.

டொமைன் டிசைனரின் கணக்கில், அவருடைய மெயிலில் பதிவாகியிருந்தது. பாஸ்வேர்டை மாற்றக் கேட்டால் கடிதம் அவருக்குத்தான் போகும். பில் கட்டியவர் நீங்களாக இருந்தாலும், ரெஜிஸ்ட்ரார் உரிமையாளராகப் பார்ப்பது பதிவில் உள்ளவரைத்தான். இந்த ஏமாற்றத்தின் மொத்தக் கனமும் இந்த ஒரு இடத்தில் இருக்கிறது, தயவுசெய்து இதை அலட்சியம் செய்யாதீர்கள்.

உங்கள் நிலைமையைச் சோதிக்க `lookup.icann.org`-இல் டொமைனைத் தேடுங்கள். ரெஜிஸ்ட்ரார் யார், எந்தத் தேதியில் காலாவதி என்று தெரியும். உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும், அதனால் அதை வைத்து முடிவுக்கு வர முடியாது. அந்த ரெஜிஸ்ட்ராரின் தளத்தில் உங்களால் லாகின் செய்ய முடிகிறதா, புதுப்பிக்கச் சொல்லும் மெயில் உங்களுக்கு வருகிறதா என்பதே சரியான சோதனை. சைட்டை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸின் பாஸ்வேர்டு கையில் இருப்பது இதற்குச் சமமல்ல. அது கடைக்குள் நுழையும் சாவி மட்டுமே.

ரெஜிஸ்ட்ரார் கணக்குக்கு அதே டொமைனில் உள்ள மெயிலைக் கொடுக்காதீர்கள். டொமைன் நின்றால் அந்த மெயிலும் நிற்கும், மீட்கும் வழி அடைபடும்.

இனி அந்த ஜிப். அதில் சைட் ஃபைல்கள் உள்ள `public_html` ஃபோல்டர் மட்டும் இருந்தது. வேர்ட்பிரஸ் கடையில் படங்களும் டிசைனும் ஃபைல்களாக இருக்கும். பொருள் விவரம், விலை, ஆர்டர் எல்லாம் டேட்டாபேஸில் இருக்கும். அதாவது அலமாரி வந்தது, கணக்குப் புத்தகம் வரவில்லை. பேக்கப் வாங்கும்போது டேட்டாபேஸின் நகலான `.sql` ஃபைலைத் தனியாகக் கேளுங்கள். அதை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து உங்கள் பொருள் ஒன்றின் பெயரைத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் அந்த பேக்கப் முழுமையானது அல்ல. கிடைத்தால், ஹோஸ்டிங்குக்கு வெளியே உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி வையுங்கள்.

ஏற்கெனவே டொமைன் இன்னொருவர் கையில் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே, கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள். அவர் டொமைனின் பூட்டைத் திறந்து, ட்ரான்ஸ்ஃபர் கோடு தர வேண்டும். உங்கள் பெயரில் திறந்த ரெஜிஸ்ட்ரார் கணக்கில் அந்தக் கோடைப் போட்டால், .com போன்றவை பொதுவாகச் சில நாட்களில் வந்து சேரும். அதற்கு முன் பழைய கணக்கில், சைட்டுக்கும் மெயிலுக்கும் வழிகாட்டும் டிஎன்எஸ் பதிவுகளை, முக்கியமாக மெயிலுக்கான எம்எக்ஸ் பதிவை, நகல் எடுத்துவிடுங்கள். பழைய ஹோஸ்டிங்கை ரத்து செய்வது எல்லாம் முடிந்த பிறகுதான்.

தகராறில் டொமைன் காலாவதியாகிவிட்டால் `lookup.icann.org`-இல் அதன் நிலையைத் தினமும் தேடிப் பாருங்கள். .com-க்கு `redemptionPeriod` என்று காட்டும் 30 நாட்களில் பதிவில் உள்ளவர் கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். `pendingDelete` என்று மாறினால் மீட்க முடியாது. 5 நாட்களில் பெயர் விடுபடும், முதலில் பதிவு செய்கிறவருக்கே சொந்தம்.