27 அணிகளை வைத்துப் பல வருடம் பாடம் நடத்திய அனுபவம்

கோபிசெட்டிபாளையத்தில் உரக்கடைக்கு மேல்மாடியில் எம்.எஸ்சி. படிப்பவர்களுக்கும் நெட், டி.ஆர்.பி. எழுதுகிறவர்களுக்கும் மாலையில் குலக்கோட்பாடு நடத்துகிறேன். எடுத்துக்காட்டுகள் பல வந்து போயிருக்கின்றன. பல வருடமாகக் கையை விட்டுப் போகாதது ஒன்றுதான்: மூலைவிட்டத்தில் மூன்றும் 1, அதற்குக் கீழே எல்லாம் 0, மேலே உள்ள மூன்று இடங்களில் பகா எண் p-இன் மட்டில் ஏதாவது எண்கள். இந்த 3×3 மேல் முக்கோண அணிகளின் குலத்தை ஹைசன்பர்க் குலம் என்பார்கள். அதை இத்தனை நாள் புழங்கியதில் எது நன்றாக இருக்கிறது, எங்கே காலை வாருகிறது என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு வசதி. ஒவ்வொரு முறையும் ஒன்பது இடம் கொண்ட அணியை எழுதத் தேவையில்லை. முதல் வரியின் நடு இடம் a, இரண்டாம் வரியின் கடைசி இடம் b, வலது மேல் மூலை c. மூன்றையும் (a, b, c) என்று எழுதிவிட்டால் போதும். பெருக்கல் இப்படி வரும்:

```
(a, b, c)(a', b', c') = (a+a', b+b', c+c'+ab')
```

a-யும் b-யும் வெறும் கூட்டல்தான். மூலையில் மட்டும் ab' என்று ஒன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. இந்தக் குலத்தின் குணம் முழுவதும் அந்த ஒரு ஒட்டில்தான் இருக்கிறது. ஒவ்வொரு இடத்துக்கும் p வழி என்பதால் உறுப்புகள் p³. p = 3 என்றால் 27, கரும்பலகையில் அடங்குகிற அளவு.

p = 3 எடுத்து ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். g = (1, 1, 0), h = (1, 2, 0). gh-க்கு மூலையில் 1×2 = 2, அதாவது gh = (2, 0, 2). hg-க்கு மூலையில் 1×1 = 1, அதாவது hg = (2, 0, 1). முதல் இரண்டு இடங்கள் ஒன்றேதான், மூலை மட்டும் மாறுகிறது. அந்த வித்தியாசம்தான் கம்யூட்டேட்டர். ghg⁻¹h⁻¹ கணக்கிட்டால் (0, 0, 1) கிடைக்கும். பொதுவாக அது (0, 0, ab' − a'b). 2×2 அணிக்கோவை மாதிரி இருக்கிறதே என்று யாராவது ஒருவர் சொல்வார், சரிதான்.

மையமும் இதிலிருந்தே விழுந்துவிடும். (a, b, c) எல்லாரோடும் பரிமாறிக்கொள்ள வேண்டுமென்றால் எந்த a', b' கொடுத்தாலும் ab' − a'b பூஜ்யமாக வேண்டும். a' = 1, b' = 0 போட்டால் b = 0. a' = 0, b' = 1 போட்டால் a = 0. ஆக மையத்தில் (0, 0, c) வகை மட்டுமே, மொத்தம் p உறுப்புகள். கம்யூட்டேட்டர்கள் எல்லாம் விழுவதும் அதே மூலையில்தான். இரண்டே வரியில் நிரூபணம் முடிகிற இது மாதிரி குலம் எனக்கு வேறு அகப்படவில்லை.

இதை நான் விடாமல் வைத்திருப்பதற்கு உண்மையான காரணம் உறுப்புகளின் வரிசை. ஒரு உறுப்பை n தடவை பெருக்கினால்:

```
(a, b, c)^n = (na, nb, nc + ab·n(n-1)/2)
```

n = 3 போட்டு மட்டு 3-இல் பாருங்கள். 3a, 3b, 3c மூன்றும் போய்விடும். n(n−1)/2 என்பது 3, அதுவும் போய்விடும். நம்ம g-யையே எடுத்தால் g² = (2, 2, 1), g³-க்கு மூலையில் 1 + 2×1 = 3, அதாவது 0. சமனி வந்துவிட்டது. ஆக சமனி தவிர்த்த 26 உறுப்புகளுக்கும் வரிசை 3.

சத்தியமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்து படித்த ஒரு பெண் இந்த இடத்தில் கையைத் தூக்கினாள். "சார், எல்லா x-க்கும் x² = e-ன்னா குலம் பரிமாற்றுக் குலம்னு போன வாரம் நிரூபிச்சோமுங்க. அப்ப x³ = e-ன்னாலும் வரணுமல்லங்க?" வராது. அதற்குச் சாட்சியே இந்த 27 பேர்தான். எல்லாருக்கும் கனம் சமனி, ஆனாலும் gh-உம் hg-யும் வேறு. இதையே தேர்வில் வேறு சட்டை போட்டு அனுப்புவார்கள்: இரண்டு குலங்களில் ஒவ்வொரு வரிசைக்கும் உறுப்புகளின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் அவை ஒரே அமைப்பா? முடிவுறு பரிமாற்றுக் குலங்களுக்கு மட்டும் ஆமாம், பொதுவாக இல்லை. மூன்று Z₃-களின் நேர்ப்பெருக்கத்திலும் 26 உறுப்புகளுக்கு வரிசை 3, இங்கேயும் 26. இப்படிப்பட்ட ஜோடி 16 உறுப்புகளிலேயே கிடைக்கும், ஆனால் அங்கே சரிபார்க்கும் வேலை அதிகம். நான் 27-ஐத்தான் எடுப்பேன்.

இனி காலை வாரும் இடம்: p = 2. "p(p−1)/2-இல் p இருக்கு, மட்டு p-இல் பூஜ்யம்" என்று பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவார்கள். p ஒற்றை எண்ணாக இருந்தால் (p−1)/2 முழு எண், அதனால் சரி. p = 2 என்றால் அந்த 2-ஐ வகுத்தல் தின்றுவிடுகிறது, மிஞ்சுவது 1. (1, 1, 0)-ஐ வர்க்கப்படுத்தினால் (0, 0, 1) வருகிறது, சமனி வரவில்லை. அதன் வரிசை 4. எட்டு உறுப்புகளில் வரிசை 2 உள்ளவை ஐந்து, வரிசை 4 உள்ளவை இரண்டு. சதுரத்தின் சமச்சீர்க் குலமேதான் இது. தப்பு நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. p = 2-க்கு எல்லாருக்கும் வரிசை 2 என்று வந்தால் அது பரிமாற்றுக் குலமாகிவிடும். இதுவோ பரிமாறாது. உடனே முரண்பாடு கையில் கிடைத்துவிடும்.

நம்பாதவர்களுக்கு லேப்டாப்பில் இதை ஓட்டிக் காட்டுவேன், p-ஐ மட்டும் மாற்றினால் போதும்:

```python
p = 3
def mul(x, y):
    return ((x[0]+y[0])%p, (x[1]+y[1])%p,
            (x[2]+y[2]+x[0]*y[1])%p)
def order(x):
    y, n = x, 1
    while y != (0,0,0):
        y, n = mul(y, x), n+1
    return n
```

குறை என்று சொன்னால் ஒன்று பெரிதாகவே இருக்கிறது. இங்கே மையமும் கம்யூட்டேட்டர் உட்குலமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. இதை மட்டும் பார்த்து வளர்ந்த மாணவர் இரண்டும் எப்போதும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார். அதற்கு மாற்று மருந்தாக, மூலைவிட்டத்தில் பூஜ்யமல்லாத எந்த எண்ணையும் அனுமதித்து p = 3-க்கு உடனே காட்டிவிடுவேன். அப்போது உறுப்புகள் 27×8 = 216. மையத்தில் I, 2I இரண்டே பேர். கம்யூட்டேட்டர் உட்குலமோ நம்ம பழைய 27 முழுவதும். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது I மட்டுமே. கேள்வித்தாளில் "மேல் முக்கோண அணிகள்" என்று மொட்டையாக எழுதியிருந்தால் இந்த இரண்டில் எது என்று முதலில் பார்த்துக்கொள்ளச் சொல்வதும் இதனால்தான்.

அப்புறம், 4×4-க்குப் போனால் p = 3-உம் ஏமாற்றும். அணியை I + N என்று பிரித்தால் மட்டு p-இல் (I + N)^p = I + N^p. 3×3-இல் N³ = 0 என்பதால் p = 3 தப்பித்தது. 4×4-இல் N³ பூஜ்யமாக வேண்டிய கட்டாயமில்லை, N⁴-தான் நிச்சயம் பூஜ்யம். அதனால் அங்கே வரிசை 9 உள்ள உறுப்புகள் வந்துவிடும். p = 5 வைத்தால் மறுபடி சமனி தவிர எல்லாருக்கும் வரிசை 5.