இரவில் நீர் கசிந்தால் முதல் அழைப்பு யாருக்கு?

வாடகை வீட்டில் இரவு 11 மணிக்கு சிங்க்குக்கு அடியில் நீர் கசிந்தால், உரிமையாளரை அழைப்பதா, பிளம்பரை அழைப்பதா? வீடு அவருடையது, அவரிடம் கேட்காமல் கை வைக்கக்கூடாது என்பது ஒரு கட்சி. அவர் தூங்கி எழுவதற்குள் அலமாரி ஊறிப்போகும், நேரே பிளம்பரைக் கூப்பிடு என்பது இன்னொரு கட்சி. பணம் யார் தருவது என்ற கேள்விக்கு இரண்டுமே பதில் சொல்கின்றன. நீரை யார் நிறுத்துவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

உரிமையாளரை முதலில் அழைப்பதில் லாபம் உண்டு. செலவுக்கு அவர் சம்மதம் கிடைக்கிறது, பழைய பிளம்பரின் எண் கிடைக்கிறது, மூடும் வால்வு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதும் பெரும்பாலும் அவருக்குத்தான் தெரியும். ஆனால் அவர் தொலைபேசியை எடுக்காவிட்டால் காத்திருக்கும் நேரம் முழுவதும் நீர் ஓடுகிறது. பிளம்பரை முதலில் அழைத்தால் ஆள் வருவார். இரவுக் கூலி கூடுதலாக இருக்கும், அழைத்தவர் என்ற முறையில் அதை உங்களிடம்தான் கேட்பார். ஒப்பந்தத்தில் அவசரப் பழுது பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், அதைத் திரும்பப் பெறுவது உரிமையாளரின் மனநிலையைப் பொறுத்தது.

என் கணக்கில் முதல் வேலை வால்வு. அழைப்பு அதற்குப் பிறகு. சிங்க்குக்கு அடியில் சுவரிலிருந்து வரும் இணைப்பில் ஒரு சிறு வால்வு இருக்கும். வட்டப் பிடி என்றால் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்ப வேண்டும். நீளக் கைப்பிடி என்றால் குழாய்க்குக் குறுக்கே நிற்கும்போது அது மூடியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் தொடாத வால்வு இறுகிப்போயிருக்கும். இடுக்கி வைத்து முரட்டுத்தனமாகத் திருப்பினால் தண்டு முறிந்து, சொட்டு பீய்ச்சலாகிவிடும். அசையாவிட்டால் விட்டுவிட்டு வீட்டின் முதன்மை வால்வுக்குப் போங்கள். அதை மூடுவதற்கு முன் இரண்டு வாளி நீர் பிடித்து வையுங்கள், ஹீட்டரை அணையுங்கள்.

மூடியும் சொட்டு நிற்கவில்லை என்றால் உடனே பதற வேண்டாம், குழாயில் தங்கிய நீர் வடிய சில நிமிடங்கள் ஆகும். அதன் பிறகும் வந்தால், கசிவு வேறொரு இணைப்பிலிருந்தோ மேல் வீட்டிலிருந்தோ வருகிறது. அல்லது வால்வு முழுதாக மூடவில்லை. சிங்க்கைப் பயன்படுத்தும்போது மட்டும் கசிந்தால் அது கழிவுநீர்க் குழாயின் கோளாறு. பயன்படுத்தாமல் இருந்தாலே போதும், காலையில் பார்க்கலாம்.

வால்வு முழுதாக மூடாத நிலையை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பாத்திரத்தைக் கசிவுக்கு அடியில் வைக்கிறீர்கள். அது 10 நிமிடத்தில் நிரம்புகிறது என்றால் மணிக்கு 6 லிட்டர், விடியும் வரை 8 மணி நேரத்துக்கு 48 லிட்டர். மூன்று நான்கு வாளிகள். நடுவில் எழுந்து மாற்றத் தயார் என்றால் காலை வரை தள்ளலாம். அதே பாத்திரம் ஒரு நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 60 லிட்டர், வாளியை நம்பித் தூங்க முடியாது. இரவு ஏற ஏற ஊரில் நீர்ப் பயன்பாடு குறைந்து நேரடிக் குழாய் இணைப்பில் அழுத்தம் கூடக்கூடும். ஆகவே படுக்கும் முன் இன்னொரு முறை அளப்பது நல்லது.

இப்போது அழைப்பு எளிதாகிவிடுகிறது. நீர் நின்றுவிட்டால் உரிமையாளருக்குப் படத்துடன் ஒரு செய்தி, அவ்வளவுதான். பிளம்பர் காலையில் வரட்டும். நிற்கவில்லை, வாளியும் தாங்காது என்றால் உரிமையாளருக்கு ஓர் அழைப்பு. எடுக்கவில்லையா, செய்தி அனுப்பிவிட்டு உடனே பிளம்பர். அவரிடம் கசிவை நிறுத்தினால் போதும், எதையும் புதிதாக மாற்ற வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நள்ளிரவில் குழாய் முழுவதையும் மாற்றிவிட்டு நீட்டப்படும் ரசீதுதான் பெரும்பாலான சண்டைகளுக்கு விதை. கழற்றிய பாகத்தைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.

கூரையிலிருந்து சொட்டினால் இந்த இரண்டு கட்சியும் தோற்றுவிடும். வால்வு மேல் வீட்டில் இருக்கிறது. உங்கள் பிளம்பர் வந்தாலும் அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் நிற்பார். முதலில் மேல் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும், ஆளில்லை என்றால் கட்டடக் காவலாளி, அதன் பிறகே உரிமையாளர். நீர் விளக்கையோ சுவிட்சையோ தொட்டிருந்தால் அந்தச் சுவிட்சில் கை வைக்கக்கூடாது. மின்பெட்டிக்கு ஈரம்படாமல் போக முடிந்தால் மட்டும் அந்த இணைப்பை அங்கே துண்டியுங்கள். போக முடியாவிட்டால் மின்வாரிய அவசர எண்தான் முதல் அழைப்பு.

எரிவாயு வாடை வந்தால் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. எளிதில் எட்டினால் எரிவாயு வால்வை மூடிவிட்டு, சன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியேறிய பிறகு தெருவில் நின்று எரிவாயு அவசர எண்ணை அழைக்க வேண்டும். உரிமையாளருக்கு அதன் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.